360-ஐ ஒன்பதால் வகுத்துப் பாருங்கள்

கேள்வி: உரம் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கிடங்கில் கணக்கு எழுதுகிறேன். தினமும் டெலிவரி சீட்டுகளைப் பார்த்து எக்செலில் ஏற்றுவது என் வேலை. போன மாதம் 40 மூட்டை யூரியாவை 400 என்று அடித்துவிட்டேன். மாதக் கணக்கு முதலாளிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. அடித்ததை இரண்டு தடவை படித்துப் பார்த்தும் கண்ணில் படவில்லை. மொத்தம் அனுப்புவதற்கு முன்பே இதைப் பிடிக்க வழி உண்டா?
— ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: உண்டு. ஆனால் இன்னும் கவனமாகப் படிப்பது அந்த வழி இல்லை. அடித்தவரே திரும்பப் படிக்கும்போது, திரையில் இருப்பதைவிட மனதில் இருப்பதைத்தான் கண் பார்க்கிறது. திரையோடு ஒப்பிட, திரைக்கு வெளியே வேறொரு எண் வேண்டும்.

அந்த எண்ணை நீங்களே உண்டாக்கலாம். ஏற்றத் தொடங்கும் முன் அன்றைய சீட்டுகளை அடுக்கி, மூட்டை எண்ணிக்கைகளை மட்டும் கால்குலேட்டரில் கூட்டி, மேல் சீட்டின் மூலையில் எழுதி வையுங்கள். யூரியா, டி.ஏ.பி., பொட்டாஷ் என்று பிரிக்க வேண்டாம், எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகை வியாபாரத்துக்கு எதற்கும் உதவாது, சரிபார்க்க மட்டும்தான். கூட்டுபவர் நீங்களாக இல்லாமல் கிடங்குப் பையனாக இருந்தால் இன்னும் நல்லது. ஒரே ஆள் ஒரே கலங்கிய கையெழுத்தை இரண்டு தடவையும் ஒரே மாதிரி தவறாகப் படிக்கக்கூடும்.

ஒரு நாள் ஏழு சீட்டுகள் என்று வைத்துக்கொள்வோம்: 40, 25, 60, 41, 18, 70, 58. கூட்டினால் 312. எல்லாம் ஏற்றி முடித்ததும் எக்செல் 672 காட்டுகிறது. வித்தியாசம் 360. இங்கே உட்கார்ந்து ஏழு சீட்டையும் மறுபடி படிக்க வேண்டாம். 360-ஐ 9-ஆல் வகுத்தால் 40. சீட்டுகளில் 40 எது என்று தேடுங்கள், தவறு அங்கேதான்.

காரணம் எளிது. பின்னால் ஒரு சைபர் சேர்ந்தால் எண் பத்து மடங்காகிறது. கூடுதலாக வந்தது ஒன்பது மடங்கு. ஆகவே வித்தியாசத்தை 9-ஆல் வகுத்தால் பழைய எண் கிடைத்துவிடும். சைபர் விட்டுப்போனாலும் இது வேலை செய்யும்: 60-ஐ 6 என்று அடித்தால் மொத்தம் 54 குறையும், வகுத்தால் 6. அப்போது திரையில் 6 எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு சைபர் சேர்ந்திருந்தால் 99-ஆல் வகுபடும்.

இலக்கங்கள் இடம் மாறினாலும் வித்தியாசம் 9-ஆல் வகுபடும். திரையில் 285 வந்தால் 27 குறைவு, வகுத்தால் 3. இரண்டு இலக்கங்களுக்கு இடையே 3 வித்தியாசம் உள்ள சீட்டைத் தேடுங்கள். 25, 41, 58 மூன்றும் அப்படித்தான். ஆனால் 25-உம் 58-உம் புரண்டால் மொத்தம் கூடும். குறைந்திருப்பதால் 41-தான் 14 ஆகியிருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. வித்தியாசம் 18 வந்தால் உடனே வகுக்கப் போகாதீர்கள். 18 மூட்டைச் சீட்டையே ஏற்றாமல் விட்டிருக்கலாம். வித்தியாசம் ஏதாவது ஒரு சீட்டின் எண்ணாகவே இருக்கிறதா என்பதை முதலில் பார்த்துவிட்டு, அப்புறம் ஒன்பதுக்குப் போங்கள். ஒரே நாளில் இரண்டு தவறுகள் இருந்தால் இந்தக் கணக்கு இடத்தைக் காட்டாது. ஆனாலும் இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டாத வரை மொத்தம் ஒத்துப்போகாது, தவறு இருப்பதாவது தெரிந்துவிடும். யூரியாவின் 40-ஐ டி.ஏ.பி. வரிசையில் போட்டிருந்தாலும் ஒன்றும் தெரியாது.

சரி, இதற்கு மேல் எக்செலையே காவலுக்கு வைக்கலாம். தேதி A, சரக்கு B, மூட்டை C என்று இருந்தால், D2-இல் இதைப் போட்டுக் கீழே இழுங்கள்:

```
=IF(AND(C2>0,C2>=5*MEDIAN(IF($B$2:$B$500=B2,$C$2:$C$500))),"பார்","")
```

பழைய எக்செலில் Enter மட்டும் தட்டினால் போதாது, Ctrl+Shift+Enter தட்ட வேண்டும். அந்தச் சரக்கின் வழக்கமான அளவைப் போல ஐந்து மடங்கு வந்தால் வரிசையில் "பார்" என்று எழும். சராசரி எடுக்காமல் MEDIAN, அதாவது நடு எண், எடுப்பதற்குக் காரணம் உண்டு. 400 வந்து விழுந்தால் சராசரியும் அதனோடு சேர்ந்து ஏறிவிடும், நடு எண் அசையாது. எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவுதான் திட்ட விலக்கம். சராசரியிலிருந்து மூன்று திட்ட விலக்கத்துக்கு மேல் தள்ளி நிற்கும் எண்ணைச் சந்தேகப்படு என்ற விதியைச் சிலர் சொல்லுவார்கள். பத்தே பதிவுகள் உள்ள பட்டியலில் அந்த விதி எதையும் பிடிக்காது. எவ்வளவு பெரிய எண்ணைப் போட்டாலும் அது சராசரியிலிருந்து 2.85 திட்ட விலக்கத்தைத் தாண்டாது.

இந்தக் காவலுக்கும் ஓட்டை இருக்கிறது. வழக்கமான அளவு 40 என்றால், 5 மூட்டை 50 ஆனது சாதாரண விற்பனை போலத்தான் தெரியும். அதைப் பிடிக்க மூலையில் எழுதிய மொத்தம்தான் வேண்டும்.

Data Validation போட்டு உச்ச வரம்பு வைப்பதும் நல்லதுதான், ஆனால் நகலெடுத்து ஒட்டிய எண்களை அது தடுக்காது. Warning என்று வைத்தால் Yes தட்டிவிட்டுப் போய்விடுவோம், அதனால் Stop வையுங்கள். 2005 டிசம்பரில் டோக்கியோவில் மிசுஹோ செக்யூரிட்டீஸ் நிறுவனத்தில், ஒரு பங்கை 6,10,000 யென்னுக்கு விற்பதற்குப் பதிலாக 6,10,000 பங்குகளை ஒரு யென்னுக்கு விற்க ஆர்டர் போனது. திரையில் எச்சரிக்கை வந்தும் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள். நஷ்டம் ஏறக்குறைய 4,000 கோடி யென்.

இருப்புக் கணக்கும் உதவும், ஆனால் ஒரு பக்கம்தான். கிடங்கில் 230 மூட்டை இருக்கும்போது விற்பனையில் 400 அடித்தால் இருப்பு மைனஸ் 170 ஆகிக் காட்டிக்கொடுக்கும். வரவில் சைபர் கூடினால் இருப்பு வெறுமனே பெருத்து நிற்கும், யாரும் கேட்க மாட்டார்கள். அதனால் வரவுக்குத் தனியாக எடையைப் பாருங்கள். யூரியா மூட்டை 45 கிலோ. 9 டன் வந்ததாகப் பில் சொன்னால் 200 மூட்டை. நீங்கள் 2,000 அடித்திருந்தால் அது 90 டன், ஒரு லாரியில் வராது. பில்லில் உள்ள டன்னையும் ஒரு பத்தியில் ஏற்றி, யூரியாவுக்கு மூட்டை × 45 ÷ 1000 அதற்குச் சமமா என்று எக்செலையே கேட்க வையுங்கள்.

சைபர் எங்கிருந்து வந்தது என்றும் சீட்டை எடுத்துப் பாருங்கள். யாராவது "40.0" என்று எழுதி, புள்ளி மங்கியிருந்தால் அது 400-தான். மருந்துச் சீட்டில் 1.0 மி.கி. என்று எழுதாதே என்பதும் இதே பயத்தால்தான். மூட்டைக் கணக்கில் புள்ளியே வேண்டாம் என்று சீட்டு எழுதுபவரிடம் சொல்லிவிடுங்கள்.

அனுப்பிவிட்ட போன மாதக் கணக்கில் 400-ஐ அழித்து 40 ஆக்க வேண்டாம். இந்த மாதத் தேதியில் யூரியாவுக்கு மைனஸ் 360 என்று ஒரு திருத்த வரி போட்டு, பக்கத்தில் பழைய சீட்டு எண்ணை எழுதுங்கள். முதலாளியிடம் இருக்கும் தாளும் உங்கள் பதிவும் ஏன் வேறுபடுகின்றன என்பதற்கு அந்த வரி பதில் சொல்லும்.