எங்க ஃபைனான்ஸ் டீம்ல ஆளுக்கொரு தமிழ் வார்த்தை எழுதுறாங்க, அக்கவுண்ட்ஸ் சொற்பட்டியல் எப்படிப் போடுறது?

நீங்க இந்நேரம் எக்ஸெல்ல ஒரு பக்கம் இங்கிலீஷ், ஒரு பக்கம் தமிழ்னு ரெண்டு காலம் போட்டு உக்காந்திருப்பீங்க. நாங்களும் அப்படித்தான் பண்ணி வாங்கிக் கட்டிக்கிட்டோம்.

ராயபுரத்துல சின்ன கம்பெனி, அக்கவுண்ட்ஸ்ல நாலு பேர். மார்ச் 31 கணக்கு முடிஞ்சதும் சப்ளையருங்களுக்கு பாக்கியை உறுதி பண்ணச் சொல்லி லெட்டர் அனுப்புவோம். காசிமேட்டுல கயிறு கடை வச்சிருக்க பெரியவர் ஒருத்தருக்கு "உங்கள் கணக்கில் வரவு ரூ. 84,600"னு போச்சு. நாங்க அவருக்குத் தரவேண்டிய பணம் அது. பாடப்புத்தகத்துல கிரெடிட்னா வரவு, டெபிட்னா பற்று, அதனால எழுதின பொண்ணு மேல தப்பே இல்ல. ஆனா கடைக்காரருக்கு வரவுன்னா கல்லாவுக்கு வந்த காசு. போன் பண்ணி, "இன்னா தம்பி, ஒத்த ரூவா வரல, வாங்கிட்டேன்னு கையெழுத்து கேக்குறியா?"ன்னாரு.

சரின்னு இன்னொருத்தர் திருத்தி "நீங்கள் எங்கள் கடன்காரர்"னு அனுப்பினாரு பாருங்க, தெருவே கேக்குற மாதிரி கத்தினாரு மனுஷன். கடன் குடுத்தவரும் கடன்காரர்தான் வாங்கினவரும் கடன்காரர்தான், நம்ம மொழி அப்படி.

அதுக்கப்புறம் வார்த்தைக்கு ஒரு வரின்றத விட்டுட்டு அர்த்தத்துக்கு ஒரு வரின்னு மாத்தினோம். கிரெடிட் மட்டும் நாலு வரி ஆச்சு: பேரேட்டுல வலது பக்கம்னா வரவு, சரக்கைக் கடனுக்கு வித்தா கடன் விற்பனை, பணம் கட்டக் குடுக்குற நாள்னா கடன் தவணை, சப்ளையர் கணக்குல நிக்கிற தொகைன்னா தரவேண்டிய பாக்கி. ஒவ்வொரு வரிக்கும் புத்தகத்துல எழுதுற சொல், வெளி ஆளுக்கு எழுதுற சொல், எழுதவே கூடாத சொல்னு மூணு காலம். இந்த எழுதக் கூடாத சொல் காலம்தான் நிஜமா வேலை செய்யுது, மாசாமாசம் வவுச்சர் நரேஷனை எக்ஸெல்ல D காலத்துல இறக்கி, வேற காலத்துல இதை ஓட்டுவோம்:

```
=COUNTIF(D:D,"*கடன்கார*")
```

"கடன்காரர்"னு முழுசா போட்டீங்கன்னா "கடன்காரருக்கு" மாட்டாது, உருபு சேர்ந்ததும் கடைசி புள்ளி போயிடுது இல்ல, அதனால சொல்லைப் பாதியிலயே வெட்டணும்.

தனித்தமிழ்க்காரங்க சண்டைக்கு வராதீங்க, இன்வாய்ஸை நாங்க இன்வாய்ஸ்னுதான் விட்டிருக்கோம், யாரும் குழம்பல. அதே மாதிரி பேரேடு, இருப்பாய்வுன்னா சிரிக்கிறவங்களுக்கும் ஒண்ணு: நான் பன்னெண்டாவது தமிழ் மீடியம், ஒரு இன்டர்வியூல ட்ரையல் பேலன்ஸ்னு வாயில வராம இருப்பாய்வுன்னு சொல்லிட்டேன், மூணு பேரும் சிரிச்சாங்க, போட்டுக் காட்டச் சொல்லி ஒருத்தரும் கேக்கல. அது இன்னும் வலிக்குது.

பெரியவருக்கு மூணாவதா "31.3 அன்று நாங்கள் உங்களுக்குத் தரவேண்டிய பாக்கி ரூ. 84,600"னு அனுப்பினோம். கையெழுத்தோட திரும்பி வந்துச்சு, கீழ பேனாவுல "எப்போ?"ன்னு எழுதியிருந்தாரு.