ஆண்டிறுதி ரிபேட்: ஒதுக்கீடு எங்கே வழுக்குகிறது? (கேள்வி பதில்)

கேள்வி: மாதாமாதம் ரிபேட் ஒதுக்கீடு தானாகவே பதிவாகி வந்தது. ஆண்டிறுதியில் கிரெடிட் நோட் போட்டவுடன் லாபம் சரிந்துவிட்டது. எங்கே பிசகியது?

பெரும்பாலும் ஒதுக்கீட்டு விகிதத்தில். எஸ்ஏபியின் பழைய ரிபேட் ஒப்பந்தத்தில் (VBO1) படிநிலை விகிதம் வேறு, ஒதுக்கீட்டு விகிதம் வேறு. இன்வாய்ஸ் போடும்போது ஒதுக்கீட்டு விகிதப்படி பதிவாகும். தீர்வின்போது எட்டிய படிநிலைப்படி கிரெடிட் நோட் வரும். இரண்டையும் யாரும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை.

ஒரு வாடிக்கையாளரை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக் கொள்முதல் 4,00,000 வரை 2%. அதைத் தாண்டினால், முதல் இன்வாய்ஸிலிருந்தே மொத்தத்துக்கும் 5%. மாத விற்பனை 40,000. ஒதுக்கீட்டு விகிதம் 2% என்று போட்டிருக்கிறார்கள். மாதம் 800 ஒதுங்குகிறது. பத்தாம் மாத முடிவில் விற்பனை 4,00,000, ஒதுக்கீடு 8,000. எல்லாம் சரியாகவே தெரியும். பதினோராம் மாதம் எல்லை தாண்டியதும் தர வேண்டியது 22,000, கையில் இருப்பது 8,800. ஆண்டு முடிவில் 24,000 தர வேண்டும், ஒதுக்கியதோ 9,600. மீதி 14,400 கடைசி மாதத்தின் தலையில் விழுகிறது. உங்களுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும்.

கேள்வி: அப்படியானால் எல்லை தாண்டிய பிறகு 5% போட்டால் போதுமே? தாண்டாத வரை அதிகமாக ஒதுக்குவது தவறல்லவா? நான் நிதித்துறையில் இருக்கிறேன். நிச்சயமில்லாத செலவை நான் பதிவதில்லை.

தேவையில்லாமல் ஒதுக்கக் கூடாது என்பது சரி. ஆனால் இங்கே கேள்வி செலவைப் பற்றியதன்று, வருவாயைப் பற்றியது. ஐஎஃப்ஆர்எஸ் 15 இந்த ரிபேட்டை மாறும் விலையாகவே பார்க்கிறது. பின்னால் பெரிய அளவில் திரும்பப் பெற நேராது என்று மிகவும் நம்பக்கூடிய அளவுக்கே வருவாயைக் காட்ட வேண்டும். வாடிக்கையாளர் 4,00,000ஐத் தாண்டுவார் என்று முதல் மாதமே எதிர்பார்த்தால், முதல் இன்வாய்ஸிலிருந்தே 5% ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு கணக்கு முடிப்பிலும் மதிப்பீட்டைப் புதுப்பிக்க வேண்டும்.

அதே வாசகர்: விற்பனைப் பிரிவு எல்லாரும் தாண்டுவார்கள் என்றே சொல்கிறது. அந்த மதிப்பீட்டை நம்பி 5% ஒதுக்கினால் நடுவாண்டு முழுக்க லாபம் குறைவாகத் தெரியாதா?

தெரியும். வாடிக்கையாளர் கடைசியில் தாண்டவில்லை என்றால் அது திரும்பியும் வரும். விற்பனைப் பிரிவின் வாக்கை மட்டும் நம்பாமல் சென்ற ஆண்டுகளின் கொள்முதலைப் பாருங்கள். தாண்டுவதும் தாண்டாததும் சரிபாதி வாய்ப்புள்ள வாடிக்கையாளருக்கு என்ன செய்வது என்பதில் தணிக்கையாளர்களே ஒன்றுபோலச் சொல்வதில்லை. நான் 5% பக்கம் சாய்வேன், நீங்கள் மறுக்கலாம்.

கேள்வி: நடுவாண்டில் ஒதுக்கீட்டு விகிதத்தை 5% ஆக்கினேன். பழைய இன்வாய்ஸ்களுக்கு ஒன்றும் மாறவில்லையே?

மாறாது. புதிய விகிதம் அடுத்து வரும் இன்வாய்ஸ்களுக்குத்தான். குறைபாட்டை VBO2-இல், ஒப்பந்தத்துக்குள்ளேயே கைமுறை ஒதுக்கீடாகப் போடுங்கள். அந்த வகை ஒப்பந்தத்தில் அதற்கு அனுமதி இருக்க வேண்டும். பொதுப் பேரேட்டில் நேரடியாக ஜர்னல் போடாதீர்கள். பேரேட்டில் தொகை இருக்கும், ஒப்பந்தத்துக்கு அது தெரியாது. தீர்வின்போது ஒப்பந்தம் அறிந்த தொகை மட்டுமே திரும்பும், மற்றது ஒதுக்கீட்டுக் கணக்கிலேயே தங்கிவிடும்.

கேள்வி: எங்களிடம் ஒதுக்கீடே விழவில்லை. ஒப்பந்தம் சரியாகத்தான் இருக்கிறது.

பணம் செலுத்துபவர், விற்பனை அமைப்பு, இன்வாய்ஸ் வகை ஆகிய மூன்றிலும் ரிபேட் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் பதியாது.

கேள்வி: எங்களுக்கும் ஒதுக்கீடு விழவில்லை, ஆனால் குறியீடு மூன்றும் இருக்கிறது. ஒப்பந்தத்தை மார்ச்சில் போட்டோம், ஜனவரி முதல் செல்லும்படி.

ஒப்பந்தத்துக்கு முன் போட்ட இன்வாய்ஸ்களை அது தானாகத் தேடிப் போகாது. VBOF ஓட்டுங்கள். பிறகு ஒதுக்கீட்டுக் கணக்கின் இருப்பை ஒப்பந்தவாரியாக ஒப்பிடுங்கள். இதை மாதந்தோறும் செய்தால் முதல் கேள்வியின் அதிர்ச்சியே வராது.

கேள்வி: எங்கள் விளம்பரச் சலுகை இன்வாய்ஸிலேயே கழிகிறது. அதற்கும் ஒதுக்கீடு வேண்டுமா?

வேண்டாம். இன்வாய்ஸிலேயே கழிந்த தள்ளுபடிக்குப் பின்னால் தர வேண்டியது எதுவும் இல்லை.

கேள்வி: எஸ்/4ஹானாவில் VBO1 புதிய ஒப்பந்தம் ஏற்கவில்லை. எங்கே ஒதுக்கீட்டைச் சரிசெய்வது?

அங்கே நிபந்தனை ஒப்பந்தம் வழியாகத் தீர்வு மேலாண்மை. திரை வேறு, ஆனால் ஒதுக்கீட்டு விகிதத்தை எதிர்பார்க்கும் படிநிலையோடு ஒப்பிட வேண்டிய வேலை அங்கேயும் அப்படியே இருக்கிறது.

கேள்வி: தீர்வு முடிந்த பிறகு வாடிக்கையாளர் சரக்கைத் திருப்பி அனுப்பினார். மொத்தம் 4,00,000க்குக் கீழே போய்விட்டது. கொடுத்த 5% திரும்ப வருமா?

தானாக வராது. முடிந்த ஒப்பந்தம் மறுபடி கணக்கிடாது. திருப்பிய சரக்கு எந்த ஆண்டில் சேரும் என்று ஒப்பந்தத் தாளில் எழுதியிருந்தால் அதன்படி வாடிக்கையாளரிடம் கேட்கலாம். எழுதாவிட்டால் அது பேச்சுவார்த்தைக்கான விஷயம். வரித் திருத்தம் பற்றி உங்கள் வரி ஆலோசகரிடம் கேளுங்கள்.