ராத்திரி மாத்திரையைக் காலைக்கு மாற்றலாமா?

கேள்வி: என் தம்பிக்கு வயசு 29. மனச்சிதைவுக்கு ரெண்டு மருந்து மாத்திப் பாத்தும் கேக்காம, ஒன்றரை வருஷமா க்ளோசபின் சாப்பிடுறான். காலையில 100, ராத்திரி பத்து மணிக்கு 200. காதுல கேட்ட குரலெல்லாம் நின்னுபோய், இப்ப எங்களோட மல்லிகைத் தோட்டத்துக்கு வர்றான். ஒரு மாசத்துக்கு முன்னாடி பீடியையும் விட்டுட்டான். ஆனா கொஞ்ச நாளா ராத்திரியில வாயில இருந்து எச்சி ஊத்துது, தலகாணியே நனைஞ்சுபோகுது. மூணு மணிக்குப் பூப்பறிக்க எழுப்பினா எந்திரிக்க மாட்டேங்குறான், எந்திரிச்சாலும் தள்ளாடுறான். தூக்கம் கலைய நாலஞ்சு தடவை காப்பி குடிக்கிறான். பெரிய மாத்திரையைக் காலைக்கு மாத்திட்டா எச்சியும் நிக்கும், எந்திரிக்கவும் செய்வான்னு அம்மா சொல்றாங்க. மாத்தலாமா டாக்டர்?
– ஒரு அக்கா, உசிலம்பட்டிப் பக்கம்

பதில்: மாற்றாதீர்கள். அம்மா சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, ஆனால் இந்த மருந்து அப்படி வேலை செய்வதில்லை. அதைவிட முக்கியமான விஷயத்தை நீங்களே கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள்: தம்பி பீடியை விட்டது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பீடி, சிகரெட் புகையில் இருக்கும் சில பொருட்கள் கல்லீரலில் உள்ள ஒரு நொதியை முடுக்கிவிடும். க்ளோசபினை உடைத்து வெளியேற்றுவதும் பெரும்பாலும் அதே நொதிதான். ஆகவே பீடி குடிப்பவருக்கு மருந்து சீக்கிரம் கரைந்து போகும். அதற்கு ஈடுகட்டித்தான் டாக்டர் மாத்திரையின் அளவை ஏற்றி வைத்திருப்பார். பீடியை நிறுத்தினால் ஒரு வாரத்துக்குள்ளாகவே அந்த நொதியின் வேகம் அடங்கிவிடும். தொட்டிக்குள் விழுகிற தண்ணீர் அதேதான், வெளியே போகும் குழாய் மட்டும் பாதி அடைபட்டது போல. மாத்திரை 300 மில்லிகிராமேதான் என்றாலும், ரத்தத்தில் அது பலருக்கு ஒன்றரை மடங்கு வரை ஏறும். சிலருக்கு இரண்டு மடங்கையும் தாண்டும். அதாவது பீடி குடித்த காலத்தில் 450 சாப்பிட்டிருந்தால் எப்படி இருந்திருப்பாரோ, ஏறக்குறைய அந்த நிலையில்தான் இப்போது இருக்கிறார். ஒன்றரை வருடமாக இல்லாத எச்சிலும் தள்ளாட்டமும் இந்த மாதம் வந்திருப்பதற்கு இதுதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இதற்கு மேல் காப்பி வேறு. காப்பியில் உள்ள காஃபீனை உடைப்பதும் அதே நொதிதான் என்பதால், க்ளோசபினுக்கு அது போட்டியாக வந்து நிற்கும். தூக்கம் கலைய அவர் குடிக்கிற காப்பி, தூங்க வைக்கிற மருந்தையே ரத்தத்தில் கொஞ்சம் ஏற்றிவிடுகிறது. ஒன்றிரண்டு தம்ளரோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். மறந்தும் ‘அப்ப பீடியையே குடிடா’ என்று சொல்லிவிடாதீர்கள். குறைக்க வேண்டியது மருந்தை.

அதனால் நாளைக்கே அவரை அழைத்துக்கொண்டு மருந்து எழுதிய டாக்டரிடம் போய், முதல் வாக்கியமாக ‘பீடியை விட்டு ஒரு மாசம் ஆச்சு, அதுக்கப்புறம்தான் இப்படி’ என்று சொல்லுங்கள். இந்த நிலைமையில் படிப்படியாக, பழைய அளவில் ஏறக்குறைய முக்கால் பங்குக்குக் கொண்டுவருவது எங்கள் வழக்கம். 300 என்றால் 225 போல. ஆனால் எவ்வளவு, எத்தனை நாளில் என்பதை அவரைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். வீட்டில் நீங்களாக மாத்திரையை உடைத்துப் பார்க்க வேண்டாம். ரத்தத்தில் க்ளோசபின் அளவைப் பார்க்கச் சொன்னால், ராத்திரி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்னால் ரத்தம் கொடுக்க வேண்டும். காலை மாத்திரையைப் போட்டுவிட்டுப் போனால் அந்த எண் பொய்க்கணக்கு காட்டும். எல்லா லேபிலும் இந்தப் பரிசோதனை கிடையாது. அதற்காகக் காத்திருக்காமல், அறிகுறியை வைத்தே அளவைக் குறைப்பதும் உண்டு. பின்னாளில் அவர் மறுபடி பீடியைத் தொட்டால் நேர்மாறாக மருந்து குறைந்து, குரல்கள் திரும்பி வரலாம். அதையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இனி அம்மாவின் கேள்வி. பெரிய பங்கை ஏன் ராத்திரியில் கொடுக்கிறோம்?

க்ளோசபின் விழுங்கி ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் ரத்தத்தில் உச்சத்துக்குப் போகும். தூக்கம் அழுத்துவதும், எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை கிறுகிறுப்பதும் அந்த நேரத்தில்தான் மிக அதிகம். பெரிய பங்கை ராத்திரி கொடுத்தால் அந்த உச்சம், மனிதர் படுக்கையில் இருக்கும்போது வந்து போய்விடும். காலை எட்டு மணிக்கு 200 போட்டால் பத்தரை மணிக்கு உச்சம். அந்த நேரத்தில் உங்கள் தம்பி கிணற்று மேட்டிலோ, பூ மூட்டையோடு மாட்டுத்தாவணி போகும் வண்டியிலோ இருப்பார். நினைத்துப் பாருங்கள்.

அப்படியானால் பகலில் குரல் கேட்காமல் எது காக்கும் என்று சிலர் கேட்பார்கள். ரத்தத்தில் ஏறிய மருந்து பாதியாகக் குறையவே சராசரியாகப் பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும். அதனால் ராத்திரி மாத்திரை மறுநாள் பகலுக்கும் சேர்த்தே காவல் இருக்கும். தூக்கம் உச்சத்தோடு சேர்ந்து வருகிறது, நோயைக் கட்டுக்குள் வைப்பது நாள் முழுக்க நிற்கும் அளவு. ராத்திரியில் கூடுதலாகக் கொடுத்துத் தப்பிப்பது இந்த வித்தியாசத்தை வைத்துத்தான். குறைந்த அளவு என்றால் மொத்தத்தையும் ராத்திரி ஒரே வேளையாகவே கொடுத்துவிடுவோம். அளவு ஏற ஏற, ஒரேயடியாகக் கொடுத்தால் அழுத்தம் ரொம்ப இறங்கும், வலிப்பு வரும் ஆபத்தும் கூடும் என்பதால் ஒரு சின்னப் பங்கைப் பகலுக்குத் தள்ளுகிறோம்.

உங்கள் வீட்டில் இன்னொரு சிக்கல், மல்லிகை. பத்து மணிக்குப் போட்ட மாத்திரை பன்னிரண்டரைக்கு உச்சம் தொடும். நீங்கள் எழுப்புவதோ மூன்று மணிக்கு. மருந்து இறங்க ஆரம்பித்து இரண்டரை மணி நேரமே ஆன நேரம் அது. அவர் சோம்பேறித்தனம் செய்யவில்லை. ராத்திரி மாத்திரையை எட்டு மணிக்கு முன்னகர்த்தி, சாப்பிட்டதும் போட்டுப் படுக்க வைக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார். காலை 100-ஐத் தோட்டத்திலிருந்து திரும்பிய பிறகு தரலாமா, அளவைக் குறைக்கும்போது அந்தக் காலைப் பங்கிலேயே குறைக்கலாமா என்றும் கேளுங்கள். அளவு சரியாகும் வரை இருட்டில் வரப்பு ஏற விடாதீர்கள், பைக் ஓட்டவும் வேண்டாம். எழுப்பியதும் கட்டில் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகுதான் நிற்க வேண்டும்.

எச்சிலுக்கு வருவோம். மனநல மாத்திரை என்றாலே வாய் வறளும் என்பது பலரின் அனுபவம். க்ளோசபின் விதிவிலக்கு: உமிழ்நீர்ச் சுரப்பியில் ஒரு பூட்டை மூடினாலும் இன்னொன்றைத் திறந்துவிடுகிறது. கூடவே, விழுங்கும் வேகத்தையும் மட்டுப்படுத்துகிறது. விழித்திருக்கும்போது நாம் அறியாமலே அடிக்கடி எச்சிலை விழுங்கிக்கொண்டே இருக்கிறோம். ஆழ்ந்த தூக்கத்தில் அது அபூர்வம். ஆகவே பகலில் வயிற்றுக்குள் போனது ராத்திரியில் தலையணைக்கு வருகிறது. மாத்திரையைக் காலைக்கு மாற்றினாலும் மருந்து ரத்தத்தில் நாள் முழுக்க இருக்கத்தான் செய்யும். ராத்திரி எச்சில் நிற்காது, பகல் தூக்கம்தான் கூடுதல் பரிசாகக் கிடைக்கும். மொத்த அளவு இறங்கினால் பெரும்பாலும் எச்சிலும் இறங்கும்.

அதுவரை மல்லாக்கப் படுக்க விடாமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்துங்கள், தலையணை மேல் ஒரு துண்டைப் போட்டுத் தினமும் மாற்றுங்கள். ஒருக்களித்துப் படுப்பது துணிக்காக அல்ல, எச்சில் மூச்சுக்குழாய்க்குள் இறங்காமல் இருக்க. அளவைக் குறைத்த பின்னும் தொந்தரவு இருந்தால், அட்ரோபின் 1 சதவீதக் கண் சொட்டு மருந்தை ராத்திரி படுக்கும்போது நாக்குக்கு அடியில் ஒன்றிரண்டு சொட்டு விடச் சொல்வதுண்டு. கண்ணுக்கான மருந்தை வாயில் விடுவதா என்று மருந்துக்கடைக்காரரே முழிப்பார். டாக்டர் சீட்டு இருந்தால் பயப்பட வேண்டாம், சீட்டு இல்லாமல் வாங்கி விடவும் வேண்டாம். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், நாலைந்து மில்லி பாட்டிலாக இருந்தாலும் அது விஷம்.

எச்சிலை வற்ற வைக்கும் மருந்து எதுவானாலும் குடலையும் மந்தமாக்கும். க்ளோசபின் ஏற்கெனவே குடலை மந்தமாக்குகிற மருந்து. இதனால் குடல் அடைபட்டு உயிர் போனவர்களும் உண்டு. எச்சிலைப் பற்றி எழுதிய நீங்கள் மலச்சிக்கலைப் பற்றி எழுதவில்லை. வெட்கப்பட்டு அவர் சொல்லாமல் இருக்கலாம், கேளுங்கள். இரண்டு மூன்று நாளாகப் போகவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லி மலமிளக்கி வாங்கிவிடுங்கள். வயிறு உப்பி, வலித்து, வாந்தியும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

நாளை வரைகூடக் காத்திருக்கக் கூடாத நிலைகள் சில உண்டு. பேச்சு குழறுவது, கை கால் திடீர் திடீரென வெட்டி இழுப்பது, வலிப்பு, உலுக்கினாலும் முழுதாக விழிக்காமல் இருப்பது, தூக்கத்தில் புரையேறி இருமிவிட்டு மறுநாள் மூச்சு வாங்குவது. இதில் எது வந்தாலும் 108-ஐக் கூப்பிட்டு, உசிலம்பட்டி அரசு மருத்துவமனைக்கோ மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கோ போங்கள். மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் வந்தாலும் அன்றே ரத்த அணுக்கள் எண்ணிக்கை பார்க்க வேண்டும். இந்த மருந்தால் வெள்ளையணு குறைந்து, அதனால் வந்த காய்ச்சலாக இருக்கலாம் என்பது ஒன்று. கடும் தொற்று வந்தாலும் க்ளோசபின் ரத்தத்தில் ஏறிவிடும் என்பது இன்னொன்று.

தூக்கம் அதிகம் என்று கோபப்பட்டு மாத்திரையை மொத்தமாக நிறுத்திவிட வேண்டாம். எந்தக் காரணத்தாலாவது இரண்டு நாளுக்கு மேல் விட்டுப்போனால், பழையபடி 200-ஐ எடுத்துப் போட்டுவிடக் கூடாது. உடம்பு பழக்கத்தை இழந்திருக்கும், அழுத்தம் சட்டென்று விழும். 12.5 மில்லிகிராமிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டியிருக்கும், அதை டாக்டர்தான் தொடங்க வேண்டும்.