தேன் பாட்டிலுக்கு 85 ரூபாய் நிற்கிறதா?

"அண்ணே, மார்த்தாண்டத்திலிருந்து ஒரு கிலோ தேன் பாட்டில் ஆன்லைனில் விற்கிறேன். ஜிஎஸ்டி போக விலை 600. தேன், பாட்டில், பெட்டி 330, கூரியர் 80, பணம் வசூலிக்கும் கட்டணம் 15. 100 ஆர்டருக்கு விளம்பரம் 9,000. ஆர்டருக்கு 85 நிற்கணும், ஆனா கையில ஒண்ணும் இல்ல. 20 பார்சல் திரும்பி வருது, அதுல 4 பாட்டில் உடைஞ்சிருக்கும்."

நீங்கள் எல்லாவற்றையும் 100ஆல் வகுத்திருக்கிறீர்கள், தம்பி, ஆனால் பணம் வந்தது 80 ஆர்டருக்குத்தான். வகுக்க வேண்டியதும் அந்த 80ஆல்தான்.

முதலில் விளம்பரத்தை விட்டுவிடுங்கள். போய்ச் சேர்ந்த ஒரு பாட்டிலில் 600லிருந்து 330, 80, 15 கழித்தால் 175 நிற்கும், 80க்கு 14,000. சரி, இப்போது திரும்பி வந்த பார்சலைப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் போகக் கூரியர் 80, வர ஏறத்தாழ 70 என்று வைப்போம் (உங்கள் பில்லில் உள்ளதைப் போட்டுக்கொள்ளுங்கள்), உடைந்த நாலும் சேர்ந்து 1,320, நல்லபடி வந்த 16க்கும் புதுப் பெட்டி தலா 20. இருபதுக்கும் இதையெல்லாம் கூட்டி 20ஆல் வகுத்தால் ஒரு பார்சலுக்கு 232 ரூபாய் வருகிறது, அதாவது ஒரு பாட்டில் விற்றுக் கிடைப்பதைவிட ஒரு பாட்டில் திரும்புவதில் போவது அதிகம்.

20க்கு 4,640. 14,000த்தில் அது போக 9,360, அதிலிருந்து விளம்பரம் 9,000 போனால் மிச்சம் 360. ஆர்டருக்கு நாலரை ரூபாய்! கான்ட்ரிபியூஷன் மார்ஜின் என்பது இந்த நாலரைதான், கடை வாடகையும் ஆள் கூலியும் இதற்குப் பிறகுதான் வரும்.

விளம்பரத் திரையில் ஆர்டருக்கு 90 ரூபாய் என்று காட்டும், அது ஆர்டர் விழுந்ததையே எண்ணுகிறது. சேர்ந்த ஆர்டருக்கு உங்களுக்கு 112.50 ஆகிறது. தாங்கக்கூடிய உச்சம் 9,360ஐ 80ஆல் வகுத்த 117. அதைத் தாண்டினால் விற்க விற்க நஷ்டம்.

விளம்பரத்தைக் குறைப்பதைவிடத் திரும்புவதைப் பாதியாக்குவதுதான் உங்களுக்கு லாபம் என்பேன். 10 மட்டும் திரும்பினால், மற்றதெல்லாம் அப்படியே இருக்க, ஆர்டருக்கு ஏறக்குறைய 49 நிற்கும். கேஷ் ஆன் டெலிவரி ஆர்டரை அனுப்பும் முன் ஒரு போன் போட்டு உறுதி செய்யுங்கள், எடுக்காதவருக்கு அனுப்பாதீர்கள், இல்லையென்றால் 50 ரூபாயாவது முன்பணம் வாங்குங்கள். இதில் சில ஆர்டர் நழுவும், நழுவட்டும்.

அப்புறம் ஒன்று, மாதக் கடைசியில் இந்தக் கணக்கைப் போடாதீர்கள். கடைசி வாரம் அனுப்பியதில் எது திரும்பும் என்று அப்போது தெரியாது, அதனால் எல்லாமே நன்றாகத் தோன்றும். அந்த மாதம் அனுப்பிய பார்சல் ஒவ்வொன்றும் சேர்ந்தது அல்லது திரும்பியது என்று முடிந்த பிறகு போடுங்கள்.