மாத ரீச் 18,400-ஆ, 61,000-ஆ?

"ஈரோட்டில் மரச்செக்கு எண்ணெய் விற்கிறோம். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், யூடியூப் மூன்றிலும் கணக்கு இருக்கு. மே மாதம் இன்ஸ்டாவில் ரீச் 18,400 என்று என் போனில் காட்டுது. ஏஜென்சி அனுப்பிய ரிப்போர்ட்டில் 61,000 என்று இருக்கு. ஃபாலோயர் 141 பேர் சேர்ந்தாங்கன்னு சொல்றாங்க, நான் பார்த்தால் 92 பேர்தான் கூடியிருக்காங்க. யார் சொல்றது சரி? மூன்று கணக்கையும் ஒரே ஷீட்டில் நானே மாதாமாதம் எழுதிவைக்க முடியுமா?"

உங்கள் போன் சொல்வதுதான் சரி. 61,000 என்பது பெரும்பாலும் 31 நாட்களின் ரீச்சை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டிய தொகை. அப்படிக் கூட்டவே கூடாது.

ரீச் என்பது எத்தனை தடவை பார்த்தார்கள் என்ற கணக்கு இல்லை, எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கு. கடைக்குத் தினமும் வந்து எண்ணெய் வாங்கும் ஒருவரை மாதக் கடைசியில் 31 வாடிக்கையாளர்கள் என்று நீங்கள் எழுதமாட்டீர்கள். திங்கட்கிழமை உங்கள் ரீல்ஸைப் பார்த்தவர் வியாழக்கிழமையும் பார்த்தால், அந்த இரண்டு நாள் ரீச்சிலும் அவர் ஒவ்வொரு தடவை வருவார். மாத ரீச்சில் ஒரே ஒரு தடவைதான் வருவார். 61,000-ஐ 18,400-ஆல் வகுத்துப் பாருங்கள், 3.3 வரும். உங்களைப் பார்த்த ஒருவர் மே மாதத்தில் சராசரியாக மூன்று நாட்களுக்குச் சற்று மேல் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். இது நல்ல செய்திதான், ஆனால் 61,000 பேர் இல்லை.

இதை நீங்களே சரிபார்த்துவிடலாம். லேப்டாப்பில், இன்ஸ்டாவையும் ஃபேஸ்புக்கையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் மெட்டா பிசினஸ் சூட்டைத் திறந்து Insights, அதற்குள் Results போங்கள். தேதியை மே 1 முதல் மே 31 வரை என்று காலண்டரில் கையால் தேர்ந்தெடுங்கள். இன்ஸ்டாகிராம் ரீச் படத்துக்கு மேலே பெரிய எழுத்தில் இருப்பதுதான் மாத ரீச். அதே இடத்தில் Export கொடுத்து, ஷீட்டில் திறக்கக்கூடிய சிஎஸ்வி ஃபைலாக இறக்கினால், அதில் நாள்வாரி எண்கள் மட்டும் இருக்கும். அந்த நாள்வாரி எண்களை ஷீட்டில் கூட்டிப் பாருங்கள்:

```
=SUM(B2:B32)
```

ரீச் எண்கள் வேறு கட்டங்களில் இருந்தால் B2, B32 இரண்டையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். தொகை 61,000-ஐ ஒட்டி வந்தால் விஷயம் முடிந்தது. வராவிட்டால் ஃபேஸ்புக் ரீச்சையும் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். அதுவும் தவறுதான். இன்ஸ்டாவில் உங்களைப் பின்தொடர்பவர் ஃபேஸ்புக்கிலும் இருக்கக்கூடும், அவரை இரண்டு ஆளாக எண்ண முடியாது. மூன்று தளத்துக்கும் சேர்த்து "மொத்த ரீச்" என்று ஒரு எண்ணை யார் எழுதிக் கொடுத்தாலும் அது கற்பனைக் கணக்கு. உங்கள் ஷீட்டில் அப்படி ஒரு கட்டமே வேண்டாம்.

கூட்டலாம் என்ற விதிவிலக்கு ஒன்று உண்டு. அதுதான் உங்கள் இரண்டாவது கேள்வி. புதிதாகச் சேர்ந்த ஃபாலோயர்களை நாள்வாரியாகக் கூட்டலாம், ஏனென்றால் பின்தொடர்வது என்பது நடந்து முடியும் ஒரு செயல். மே 4-ல் பொத்தானை அழுத்தியவர் மே 5-ல் மறுபடி அழுத்துவதில்லை. ஒருவர் விலகிப் போய்த் திரும்பச் சேர்ந்தால் மட்டும் இரண்டு தடவை எண்ணப்படுவார். ஆனால் அவர் விலகியதும் விலகியவர் கணக்கில் வந்துவிடும், கழித்தால் சரியாகிவிடும். ஆக, சேர்ந்தவர்களைக் கூட்டலாம், விலகியவர்களையும் கூட்டலாம், ஆனால் இரண்டையும் எழுத வேண்டும், ஒன்றை மறைக்கக் கூடாது. ஏஜென்சி சேர்ந்தவர்களை மட்டும் எழுதியிருக்கிறது. இன்ஸ்டா ஆப்பில் இன்சைட்ஸுக்குள் ஃபாலோயர் பகுதியைத் திறந்தால் Follows, Unfollows இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாகவே இருக்கும். 141 பேர் சேர்ந்து 49 பேர் போயிருந்தால் மிச்சம் 92. நீங்கள் சொல்வது அதுதான். மேலே இருக்கும் எண்ணைப் பார்த்தவர் கண்ணில் கீழே இருக்கும் எண் படாமல் போக வாய்ப்பே இல்லை. 141 என்பது பொய் இல்லை, ஆனால் அதைத் தனியாக எழுதிக் கொடுப்பது ஏமாற்று.

இனி ஷீட். கூகுள் ஷீட் போதும், ஆனால் அது உங்கள் ஜிமெயிலில் உருவான ஷீட்டாக இருக்கட்டும். ஏஜென்சி தன் கணக்கில் உருவாக்கி உங்களுக்குப் பார்க்க மட்டும் அனுமதி கொடுத்தால், ஒப்பந்தம் முடிகிற அன்று உங்கள் கணக்கு வரலாறும் போய்விடும்.

ஒரு மாதத்துக்கு மூன்று வரிகள்: இன்ஸ்டா, ஃபேஸ்புக், யூடியூப், எப்போதும் இதே வரிசையில். A-யில் மாதம், B-யில் தளம், C-யில் ரீச், D-யில் மாத இறுதி ஃபாலோயர், E-யில் சேர்ந்தவர், F-ல் விலகியவர், G-யில் விளம்பரச் செலவு, H-ல் குறிப்பு, I-யில் நிகர வளர்ச்சி. ஏப்ரல் மாதம் 2, 3, 4-ஆம் வரிகளில் இருந்தால் மே 5, 6, 7-ஆம் வரிகளில் வரும். போன மாதத்தின் அதே தளம் எப்போதும் மூன்று வரி மேலே இருக்கும். எனவே மே மாத இன்ஸ்டாவின் நிகர வளர்ச்சிக்கு I5-ல் இது போதும்:

```
=D5-D2
```

ஏப்ரல் கடைசியில் 2,310, மே கடைசியில் 2,402 என்றால் 92 வரும். E5-லிருந்து F5-ஐக் கழித்தாலும் 92 வர வேண்டும். இரண்டும் ஒன்றிரண்டு வித்தியாசத்துக்குள் இருந்தால் விட்டுவிடலாம். பெரிதாக வேறுபட்டால், எண்ணை எடுத்த தேதி தவறியிருக்கும், அல்லது தளம் போலிக் கணக்குகளை மொத்தமாக நீக்கியிருக்கும். அதைக் குறிப்புக் கட்டத்தில் எழுதிவிடுங்கள், எண்ணைத் திருத்தாதீர்கள்.

ஃபாலோயர் எண்ணை எடுக்க ஒரே நாள்தான் இருக்கிறது: ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி காலை. போன மாத இறுதிக்கு உங்களிடம் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதைப் பிறகு ஒரு சொடுக்கில் காட்டும் வசதி இன்ஸ்டா ஆப்பில் இல்லை. நம் கடையின் கணக்கை நாமே பார்க்க இவ்வளவு சுற்ற வேண்டியிருக்கிறது. யூடியூபில் சேனல் பக்கத்தில் தெரியும் சந்தாதாரர் எண்ணை எழுதாதீர்கள். சேனல் வளர வளர அதைச் சுருக்கித் தோராயமாகத்தான் காட்டுவார்கள். யூடியூப் ஸ்டுடியோவின் முகப்பில் இருப்பதே சரியான எண்.

ரீச்சை 1-ஆம் தேதியே எடுக்க வேண்டாம். யூடியூப் கணக்கு இரண்டு மூன்று நாள் பின்தங்கித்தான் வரும், அதனால் 5-ஆம் தேதி வையுங்கள். ஆனால் மாதக்கணக்கில் தள்ளிப்போடவும் கூடாது. இன்ஸ்டா ஆப் 90 நாளுக்கு மேல் பின்னால் போக விடாது. இன்னொன்று, ஆப்பைத் திறந்ததும் தானாக வரும் "கடைசி 30 நாள்" எண்ணை எழுதவே எழுதாதீர்கள். ஜூன் 5-ஆம் தேதி திறந்தால் அது மே மாத முதல் சில நாட்களை விட்டுவிட்டு ஜூன் மாத நாட்களைச் சேர்த்துக்கொள்ளும். அது எந்த மாதத்துக்கும் உரிய எண் இல்லை. ஒவ்வொரு முறையும் 1 முதல் மாதக் கடைசி வரை தேதியைக் கையால் போடுங்கள்.

யூடியூபில் ரீச் என்று ஒரு பகுதி இருக்கும், அதில் Impressions என்ற பெரிய எண் கவர்ச்சியாக நிற்கும். அது உங்கள் வீடியோவின் தம்ப்நெயில் எத்தனை தடவை திரையில் வந்தது என்ற கணக்கு, எத்தனை ஆள் என்ற கணக்கு இல்லை. C கட்டத்தில் Unique viewers எண்ணை எழுதுங்கள். சிறிய சேனலுக்கு அது காட்டாத மாதங்களில் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.

தளங்கள் இஷ்டத்துக்குப் பெயரையும் எண்ணும் முறையையும் மாற்றும், அதையும் குறிப்பில் பதியுங்கள். இன்ஸ்டாகிராம் 2024 ஆகஸ்டில் Views-ஐ முதன்மை எண்ணாக்கியது. யூடியூப் 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸ் ஓட ஆரம்பித்தாலே ஒரு பார்வை என்று எண்ணுகிறது. அந்த மாதத்தோடு பார்வை எண்ணிக்கை திடீரென்று எகிறியிருந்தால் அதில் உங்கள் சாதனையும் இல்லை, ஏஜென்சியின் சாதனையும் இல்லை. இதைக் காட்டி "எங்கள் உத்தியால் பார்வை இத்தனை மடங்கு" என்று கட்டணத்தை உயர்த்தக் கேட்டால் ஏமாறாதீர்கள்.

விளம்பரச் செலவு என்ற கட்டத்தை நான் சேர்க்கச் சொன்னதும் இதற்காகத்தான். விளம்பரம் மூலம் பார்த்தவர்களும் ரீச்சில் அடக்கம். மாதக் கடைசி வாரத்தில் உங்கள் கார்டிலிருந்தே 2,000 ரூபாய்க்கு ஒரு ரீல்ஸை பூஸ்ட் செய்துவிட்டு, ரீச் ஏறியதைத் தங்கள் உழைப்பாகக் காட்டுபவர்கள் இருக்கிறார்கள். ரீச் ஏறிய மாதத்தில் G கட்டத்தையும் பாருங்கள். அதேபோல ஃபாலோயர் விற்பவர்களின் வேலை நாள்வாரிக் கணக்கில் அப்படியே தெரியும். ஒரே நாளில் பல நூறு பேர் சேர்வார்கள், ரீச் அசையாது, அடுத்த வாரங்களில் தினமும் பத்து, இருபது என்று உதிர்வார்கள். மாத எண்ணில் இது மறைந்துவிடும், அதனால் சிஎஸ்வி ஃபைலை ஒரு ஃபோல்டரில் மாதவாரியாகச் சேர்த்துவையுங்கள்.

"எல்லாம் தானாக வந்து விழும் டேஷ்போர்டு, மாதம் இவ்வளவு" என்று வருபவர்களையும் திருப்பி அனுப்புங்கள். மூன்று கணக்குக்கு மாதம் பதினைந்து எண்கள், இருபது நிமிட வேலை. அந்த இணைப்புகள் தளத்தின் அனுமதிச் சாவியை நம்பி ஓடுபவை. மெட்டாவின் நீண்டகாலச் சாவியே சுமார் 60 நாள்தான் தாங்கும், பாஸ்வேர்டை மாற்றினாலும் அறுந்துபோகலாம். அறுந்ததை யாரும் சொல்லமாட்டார்கள். பழைய எண்ணே அப்படியே நிற்கும், நீங்கள் அதைப் புது மாதம் என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள்.

ஏஜென்சிக்குப் பாஸ்வேர்டு கொடுத்திருந்தால் இன்றே மாற்றுங்கள். மெட்டா பிசினஸ் போர்ட்ஃபோலியோவில் முழுக் கட்டுப்பாடு உங்கள் பெயரில் இருக்க, அவர்களைப் பார்ட்னராகச் சேர்த்தால் போதும். யூடியூப் ஸ்டுடியோவில் Settings, Permissions வழியாக Editor அல்லது Viewer அனுமதி கொடுங்கள், Owner நீங்களாகவே இருங்கள். இனி பிடிஎஃப் ரிப்போர்ட்டை வாங்காதீர்கள். தேதி வரம்பு தெரியும் சிஎஸ்வி ஃபைலைக் கேளுங்கள். கொடுக்கத் தயங்குபவரிடம் ஏன் தயக்கம் என்று நேராகவே கேட்கலாம்.

பழைய மாதங்களுக்கு ஏஜென்சி கொடுத்த எண்களை இந்த ஷீட்டில் ஏற்றாதீர்கள். 90 நாளுக்குள் வரும் மாதங்களின் ரீச்சை நீங்களே எடுத்து நிரப்புங்கள். அதற்கு முந்தைய கட்டங்கள் காலியாகவே இருக்கட்டும்.