ஆறு பேர் பேசும் மொழிக்கு ஒரு பக்கச் சுருக்கம்

வணக்கம். நான் மொழியியல் ஆய்வு மாணவி. வடகிழக்கில் ஆறு முதியவர்கள் மட்டும் பேசும் ஒரு மொழியை ஆவணப்படுத்த நிதி கேட்டு விண்ணப்பிக்கிறேன். விண்ணப்பம் தயார், சுருக்கம் மட்டும் இழுபறியாக இருக்கிறது. இப்படித் தொடங்கியிருக்கிறேன்: “இரண்டு வாரத்துக்கு ஒரு மொழி அழிகிறது. மொழி ஓர் இனத்தின் ஆன்மா. இந்த அரிய மொழிக்கு இரண்டு ஆண்டுகளில் இலக்கணம், அகராதி, கதைத் தொகுப்பு உருவாக்குவோம்.” போதாது என்கிறார் என் வழிகாட்டி. என்ன குறை? மொழியின் பெயரை இங்கே வேண்டுமென்றே சொல்லவில்லை.

க.

அன்புள்ள க.,

பெயரைப் போட்டிருந்தாலும் அந்த மூன்று வரிகளில் உங்கள் மொழி இருந்திருக்காது. அவை எந்த மொழிக்கும் பொருந்தும். தேர்வுக் குழுவின் மேசையில் இருக்கும் எல்லா விண்ணப்பங்களும் அழியும் மொழிகளுக்கானவைதான். அழிவு வருத்தத்துக்குரியது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இரண்டு வாரக் கணக்கும் சர்ச்சையில் இருப்பது. ஹவாய் பல்கலைக்கழகம் சார்ந்து அழியும் மொழிகளின் பட்டியலைத் தயாரித்தவர்கள், ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒன்று என்றுதான் கண்டார்கள். முதல் வரியிலேயே மதிப்பீட்டாளர் புருவத்தை உயர்த்த வேண்டாமே.

குழுவுக்குத் தெரிய வேண்டியது வேறு. அந்த ஆறு பேர் யார், யாரிடம் பேசுவார்கள், அவர்களிடமிருந்து எதைப் பதிவு செய்ய முடியும்? உங்கள் மொழியைத் தொடாமல், வெளியே நன்கு தெரிந்த பெரிய அந்தமானிய மொழியை வைத்துச் சொல்கிறேன். 2000-களின் நடுவில் மொழியியலாளர் அன்விதா அப்பி தலைமையில், அப்போது லண்டனிலிருந்து இயங்கிய இஎல்டிபி என்ற ஆவணமாக்கத் திட்டத்தின் நிதியில், அங்கே பெரிய வேலை நடந்தது.

அங்கே முதல் சிக்கல் ‘ஒரு மொழி’ என்பதே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரிய அந்தமானில் பத்துக் குழுக்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தன் பேச்சு. நோயும் குடியேற்றமும் அவர்களை அழித்தபின், 1961 கணக்கெடுப்பில் மிஞ்சியது 19 பேர். பிறகு எஞ்சியவர்களை ஸ்ட்ரெய்ட் தீவில் குடியமர்த்தினார்கள். வடபகுதிப் பேச்சுகள் கலந்து, ஜேரு என்பதை அடித்தளமாகக் கொண்ட ஒரு கலப்பு மொழிதான் அவர்களிடம் மிஞ்சியது. அன்றாடப் பேச்சோ இந்திக்குப் போய்விட்டது. 2010 ஜனவரியில் இறந்த போவா சீனியர், அந்த வடபகுதிப் பேச்சுகளில் ஒன்றான போ மொழியின் கடைசிப் பேச்சாளர். கலப்பு மொழியும் இந்தியும் அவருக்குத் தெரியும். போ மொழியில் பதில் சொல்லத்தான் யாரும் இல்லை.

இதை அறியாமல் ஒருவர் “போ மொழியில் பத்து மணி நேர இயல்பான உரையாடல்” என்று எழுதியிருந்தால், அது நடக்கவே நடக்காத வாக்குறுதி. போவா தனியாகக் கதை சொல்லலாம், பாடலாம், கேட்டதற்குப் பதில் சொல்லலாம். உரையாடலைக் கலப்பு மொழியில் மட்டுமே பதிவு செய்திருக்க முடியும். உங்கள் ஆறு பேரையும் இப்படிப் பிரித்துப் பாருங்கள். யார் தடையில்லாமல் பேசுவார், யாருக்குப் புரியும் ஆனால் வாக்கியம் வராது, யாருக்குச் சில பாட்டும் சொல்லும் மட்டும் நினைவில் இருக்கின்றன? ஆறு பேரும் ஒரே ஊர்ப் பேச்சா? அவர்களில் இருவர் கடைசியாக எப்போது அந்த மொழியில் பேசிக்கொண்டார்கள்? ‘ஆறு பேர்’ என்பது விசாரித்தபின் ‘தடையில்லாமல் பேசுபவர் இருவர், அவர்களும் வேறு வேறு ஊர்’ என்று ஆகலாம். கூச்சப்படாமல் அதையே எழுதுங்கள். நீங்கள் களத்துக்குப் போய் வந்தவர் என்பதற்கு அதைவிடச் சாட்சி கிடையாது.

இரண்டாவது, வேலையின் வரிசை. முதல் ஆண்டு பதிவு, இரண்டாம் ஆண்டு எழுத்தாக்கம் என்பது காகிதத்தில் அழகாக இருக்கும். முதிய பேச்சாளர்களிடம் அது ஆபத்து. இன்னொரு வடபகுதிப் பேச்சான கோரா மொழியின் கடைசிப் பேச்சாளர் போரோ 2009 நவம்பரில் இறந்தார். அடுத்த சில வாரங்களில் போவாவும் போனார். ஒலிப்பதிவு கையில் இருந்தும், ‘இந்த இடத்தில் என்ன சொன்னீர்கள்’ என்று கேட்க ஆளில்லாமல் போனால், அதில் ஒரு பகுதி யாருக்கும் புரியாத சத்தமாகவே நின்றுவிடும். ஒரு நிமிடப் பேச்சைக் கேட்டு எழுதி, பிரித்து, மொழிபெயர்க்க ஒரு மணி நேரம் என்பது சாதாரணம். புதிய மொழியில் இன்னும் கூடும். ஆகவே காலையில் பதிவு, மாலையில் அதே ஆளோடு உட்கார்ந்து விளக்கம் கேட்பது என்று திட்டமிடுங்கள். மொத்தப் பதிவு நேரம் குறையும், குறையட்டும். விளக்கமில்லாத நூறு மணி நேரத்தைவிட முழுதாகப் புரிந்த பதினைந்து மணி நேரத்தையே நான் ஆதரிப்பேன். இதில் என்னோடு ஒத்துப்போகாதவர்களும் உண்டு.

மூன்றாவது, ஏற்கெனவே என்ன இருக்கிறது, எது இல்லை. ‘யாரும் ஆராயாத மொழி’ என்று எழுதிவிட்டு, மதிப்பீட்டாளர் ஒரு பழைய சொற்பட்டியலைக் கண்டுபிடித்தால் கதை முடிந்தது. அந்தமான் விஷயத்தில் ஈ. எச். மேனின் அகராதி 1923-இல் வெளியானது. ஆனால் அது தெற்கே பேசப்பட்ட பியா மொழிக்கு. ‘தெற்குக்கு அகராதி உண்டு, உயிரோடு இருப்பது வடக்கின் மொழி’ என்றால் இடைவெளி ஒரே வாக்கியத்தில் தெரிந்துவிடும்.

உங்கள் மொழியில் கண்ட ஒரு புதிரையும் காட்டுங்கள். பெரிய அந்தமானியத்தில் உடல் பல பகுதிகளாகப் பிரிந்து, அந்தப் பிரிவு, சொல்லின் முன்னால் ஒட்டும் முன்னொட்டுகளாக இலக்கணம் முழுக்கப் பரவியிருக்கிறது. அப்பி அதை ஏழு வகையாகப் பிரித்தார். கை, வாய் என்று பட்டியல் கேட்டால் இதில் பாதிதான் பிடிபடும். ஒரு மீனை அறுத்துப் பங்கிடும்போது பேசச் சொல்ல வேண்டும், காயம் பட்ட கதையைச் சொல்லச் சொல்ல வேண்டும். புதிரைச் சொன்னால், எதைப் பதிவு செய்வது என்பதற்குக் காரணமும் சேர்ந்தே வந்துவிடுகிறது.

இவற்றைச் சேர்த்தால் என்ன வரும் என்று பார்க்க, 2005-இல் நான் விண்ணப்பிப்பதாக நினைத்து எழுதிய மாதிரி இது. அந்தத் திட்டத்தின் வாசகம் அல்ல, மணி நேரக் கணக்கும் என்னுடையது.

“ஸ்ட்ரெய்ட் தீவில் வாழும் பெரிய அந்தமானியர்களில் விரல்விட்டு எண்ணத்தக்க முதியவர்களே தங்கள் மொழியைப் பேசுகிறார்கள், வீட்டு மொழி இந்தி. ஜேருவை அடித்தளமாகக் கொண்ட கலப்பு மொழியின் உரையாடலையும், போ உள்ளிட்ட வடக்கு மொழிகளில் தனித்தனியே நினைவுள்ளவற்றையும் பதிவு செய்வோம். தெற்கு மொழிக்குப் பழைய அகராதி உண்டு. வடக்குக்கு முழுமையான விளக்கம் இல்லை. உடற்பிரிவு முன்னொட்டுகள் பேச்சில் இயங்கும் விதம் எங்கள் மையக் கேள்வி. பதினைந்து மணி நேர ஒலி, ஒளிப் பதிவைப் பேச்சாளர்களுடனேயே அவ்வப்போது எழுத்தாக்கி, இந்தி, ஆங்கில மொழிபெயர்ப்புடன் காப்பகத்தில் சேர்ப்போம். எவை பொதுவில் திறக்கும் என்பதைச் சமூகமே முடிவு செய்யும். பழங்குடிக் காப்புப் பகுதிக்குள் நுழையும் அனுமதிக்கு நிர்வாகத்திடம் விண்ணப்பித்துள்ளோம்.”

ஆன்மாவும் இல்லை, காப்பாற்றுவோம் என்ற சொல்லும் இல்லை. பதிவு செய்வதால் பேச்சு மொழி பிழைத்துவிடாது. பிழைக்கும் என்று எழுதினால் குழு நம்பாது.

மாதிரியின் கடைசி இரண்டு வாக்கியங்களில் உள்ளதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அந்தமானில் 1956-ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறை இருப்பதால், அனுமதி இல்லாமல் காப்புப் பகுதியில் கால் வைக்க முடியாது. வடகிழக்கில் சில மாநிலங்களுக்கு உள்நுழைவு அனுமதி வேண்டும். உங்கள் ஊர் அதில் வருகிறதா என்று முதலில் பாருங்கள், குழுவில் வெளிநாட்டவர் இருந்தால் அவர்களுக்குத் தனி விதிகள். ஆறு பேரும் சம்மதித்துவிட்டார்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. இன்னும் கேட்கவில்லை என்றால் சுருக்கத்தை அப்படியே வைத்துவிட்டு முதலில் போய்க் கேட்டு வாருங்கள். அப்புறம் எழுதினால் பாதி வரிகள் தானாக மாறியிருக்கும்.