சமையல் வீடியோவுக்கு கேப்ஷன்: கேள்வி பதில்

கேள்வி: முட்டை அவிக்கிற வீடியோ, 6 நிமிஷம். பச்சைத் தண்ணீரில் 6 முட்டை, கொதிக்கிற தண்ணீரில் 6 முட்டை போட்டு, ஓடு எதில் சுலபமாக வருகிறது என்று பார்த்தேன். கொதிக்கிற தண்ணீரில் போட்டதில் 5 சுத்தமாக உரிந்தது, ஒன்று பிய்ந்துவிட்டது. "இந்த ரகசியம் தெரியாம முட்டை அவிக்காதீங்க!!" என்று எழுதலாமா?

பதில்: வேண்டாம். இவ்வளவு செய்துவிட்டு அதில் ஒன்றைக்கூட சொல்லாத வரியை எழுதியிருக்கிறீர்கள், அதை எந்த வீடியோவுக்கும் போடலாம். நான் இப்படி எழுதுவேன்: "முட்டை ஓடு பிய்ந்து வருகிறதா? பச்சைத் தண்ணீரில் 6, கொதிக்கிற தண்ணீரில் 6 அவித்து உரித்துப் பார்த்தேன். ஜெயித்த பக்கத்திலும் ஒன்று சொதப்பியது." பிய்ந்த முட்டையை மறைக்காதீர்கள், ஆளை நம்ப வைப்பதே அதுதான். யூடியூப் விவரப் பகுதியிலும் சரி, இன்ஸ்டாகிராமிலும் சரி, ஆரம்ப வரிகள்தான் உடனே தெரியும், மீதி மடிந்து கிடக்கும். அதனால் வணக்கம், சேனல் பெயர் எல்லாம் கடைசிக்குப் போகட்டும்.

கேள்வி: முடிவையே சொல்லிவிட்டால் அப்புறம் யார் பார்ப்பார்கள்? சஸ்பென்ஸ் வேண்டாமா?

பதில்: பாதி சரி. மேலே எழுதியதைப் பாருங்கள், எந்தப் பக்கம் ஜெயித்தது என்று நானும் சொல்லவில்லை. எதைச் சோதித்தோம் என்பதை மறைத்தால்தான் தப்பு. ஆனால் ஆர்வத்தைக் கிளப்பிவிட்டு 5வது நிமிஷம் வரை இழுத்தடித்தால் அதுவும் ஏமாற்றுதான். உரிக்கிற காட்சியில் கொஞ்சத்தை முதல் 30 விநாடிக்குள் காட்டிவிடுங்கள். யூடியூப் ஸ்டுடியோவில் பார்வையாளர் எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்ற கோடு இருக்கும். கிளிக் நிறைய வந்தும் அந்தக் கோடு ஆரம்பத்திலேயே சட்டென்று சரிந்தால், கேப்ஷன் சொன்னது கண்ணில் படவில்லை என்று முதலில் சந்தேகப்படுவேன். முன்னுரை நீளமாக இருந்தாலும் கோடு அப்படித்தான் விழும், அதனால் வீடியோவை ஒரு தடவை நீங்களே பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: கேப்ஷன் தானாக வருகிறதே, பேசுவதைத் தப்புத்தப்பாகப் போடுகிறது. எப்படித் திருத்துவது?

பதில்: நீங்கள் கேட்பது வீடியோவுக்குள் ஓடுகிற வசன வரி, இங்கே பேசுவது வீடியோவோடு எழுதுகிற வரி. வசன வரியை யூடியூப் ஸ்டுடியோவில் திருத்தலாம். அளவும் நேரமும் சொல்கிற இடங்களை முதலில் பாருங்கள்.

கேள்வி: நான் கேக் வீடியோவுக்கு "நடுவில் அமுங்காத கேக்" என்று போட்டேன். என் கேக் அமுங்கவில்லை. ஆனால் செய்து பார்த்த இரண்டு பேருக்கு அமுங்கிவிட்டதாம், திட்டுகிறார்கள். நான் பொய் சொன்னேனா?

பதில்: பொய் இல்லை, ஆனால் அடுத்தவர் வீட்டு ஓவனுக்கும் சேர்த்து வாக்குக் கொடுத்துவிட்டீர்கள். உள்ளே வேகும் முன் கதவைத் திறந்தாலோ பேக்கிங் பவுடர் அதிகமானாலோ அமுங்கும், அது உங்கள் கையில் இல்லை. "கேக் நடுவில் அமுங்குகிறதா? நான் கவனிக்கிற இரண்டு இடங்கள்" என்று மாற்றலாம். கிளிக் குறையுமா என்று கேட்டால், குறையலாம். எனக்கே சில வீடியோவில் குறைந்திருக்கிறது, சிலவற்றில் இல்லை.